பந்தி முடியும்வரை எழக்கூடாது என்று சொன்னவன் நான்

ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருஷம், ஆடி மாதம். சிரம்பானிலிருந்து கெமாஸ் போகும் ரயில் பாதையை விட்டு நாலு மைல் உள்ளே ஒதுங்கிக் கிடக்கும் ரப்பர்த் தோட்டம் எங்களுடையது. அங்கே மாரியம்மன் கோயில் திருவிழாவன்று நடுப்பகலில் இது நடந்தது. எழுத உட்கார்ந்தால் இன்னும் கோபம்தான் வருகிறது. அந்தக் கோபத்தில் பாதி என் மேலேயே இருப்பதால் இத்தனை நாளும் எழுதாமல் இருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறு வகுப்பு, பிறகு சிரம்பானில் இரண்டு வருஷம் இங்கிலீஷ். அப்பா இல்லாத வீட்டில் இது எப்படி நடந்தது என்றால், என் அண்ணன் இரண்டு ஆள் பால் வெட்டும் ரப்பர் மரங்களை ஒற்றை ஆளாக வெட்டினார். அவருக்குக் கையெழுத்துப் போட வராது. ஆனால் நான் எழுதியதை எல்லாம் வாங்கி, தலைகீழாகப் பிடித்துக்கொண்டாவது ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் தருவார். "நல்லா இருக்குடா" என்பார். அந்தப் பேச்சுக்காகவே எதையாவது எழுதிக்கொண்டிருந்தேன்.

அதற்கு முந்தின வருஷத் திருவிழாவில் ஓர் அசிங்கம் நடந்திருந்தது. பால் வெட்டு நின்றுபோய் ஆறு மாதம் ஆகியிருந்தது. காடு அழித்து மரவள்ளி நட்டு, அதையே காலையும் மாலையும் தின்றுகொண்டிருந்த காலம். கோயிலில் அம்மனுக்குப் படைத்த கொஞ்சம் சோற்றைப் பார்த்ததும், பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்த விருந்தாளிகளும் எங்கள் ஆட்களும் அடித்துப் பிடித்துக்கொண்டு விழுந்தார்கள். பானை கவிழ்ந்தது. பிரசாதத்தை மனிதக் கால் மிதித்தது. பூசாரி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பசிதான் காரணம் என்று இன்று தெரிகிறது. அன்று எனக்குப் பதினெட்டு வயது. இவர்களுக்கு ஒழுங்கு தெரியவில்லை, யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றுதான் தோன்றியது.

ஆகவே அடுத்த வருஷம் பெரிய கிராணி என்னைக் கூப்பிட்டபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. கிராணி என்றால் ஆபீசில் கணக்கும் பெயர்ப் பட்டியலும் வைத்திருப்பவர். வெள்ளைக்கார துரை ஓடிப்போன பிறகு தோட்டமே அவர் கையில்தான். மேலே ஒரு ஜப்பான் மேனேஜர், அவ்வளவுதான். கூலிகள் குடியிருக்கும் லயத்துப் பிள்ளையான என்னை அவர் அதுவரை "டேய்" என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். அன்று "தம்பி, உக்காரு" என்றார்.

"இந்த வருசம் மேனேஜர் ஒரு மூட்டை அரிசி குடுக்கிறாரு. நெசமான அரிசி. பக்கத்து ரெண்டு தோட்டத்து ஜனமும் வரட்டும். ஆனா போன வருசக் கூத்து வேணாம்லா. நீ படிச்ச பையன். பிரசாதம் எப்படி வாங்கணும், எப்படிப் பங்கிடணும்னு நீயே எழுது, நீயே போய் சொல்லு. நீ சொன்னா கேப்பாங்க."

எழுதினேன். பூசாரியிடம் இரண்டு நாள் உட்கார்ந்து கேட்டு, ஒவ்வொன்றுக்கும் காரணம் தெரிந்துகொண்டு எழுதினேன். கிராணி படித்துப் பார்த்தார். பந்தியில் எல்லோரும் சாப்பிட்டு முடியும்வரை ஒருவரும் எழக்கூடாது என்ற வரியின் கீழே தானே பென்சிலால் கோடு போட்டார். "இதை நல்லா அழுத்திச் சொல்லு" என்றார். என் எழுத்தின் கீழே பெரிய கிராணி கோடு போட்டாரே என்று நான் மகிழ்ந்துபோனேன். வெட்கக்கேடு.

அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு தோட்டங்களுக்கும் நடந்தே போனேன். தண்ணீர்க் குழாயடியில் ஜனங்களைக் கூட்டி வைத்துச் சொன்னேன்.

செருப்பைப் பந்தலுக்கு வெளியே விட வேண்டும். பொங்கல் பானையின் வாயைத் துணியால் கட்டி வைத்திருப்போம். எட்டிப் பார்க்கவோ மோந்து பார்க்கவோ கூடாது. சமைக்கிறவரே உப்புப் பார்க்க மாட்டார், ஆத்தாள்தான் முதலில் பார்க்க வேண்டும். தீபாராதனை முடிந்ததும் தீர்த்தம். வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீர் அது. வலது உள்ளங்கையைக் குழித்து, இடது கையை அதன் அடியில் கொடுத்து வாங்கி, ஒரு சொட்டும் கீழே சிந்தாமல் குடித்துவிட்டு ஈரக் கையைத் தலையில் தடவிக்கொள்ள வேண்டும். வேட்டியில் துடைக்கக் கூடாது. திருநீறும் அப்படித்தான்: நெற்றியில் பூசியது போக மிச்சத்தைத் தரையில் உதறக் கூடாது.

"சோத்துக்கு வாப்பா" என்றார் ஒரு கிழவர். "வயிறு ரொம்புமா, இல்ல சட்டம் மட்டுந்தானா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுச் சொன்னேன். பிரசாதத்தை வேண்டாம் என்று யாரும் சொல்லக் கூடாது. உடம்பு சரியில்லாதவர்கூட ஒரு பருக்கை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். அதேபோல உனக்கு இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பவும் கூடாது. வந்தவன் எந்த ஊர், எந்த ஜாதி, எதிரியா, கடன்காரனா என்று கேட்க நமக்கு உரிமை கிடையாது, கொடுப்பது ஆத்தாள். இலையின் நுனி இடது கைப் பக்கம் இருக்கட்டும். தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொள்ளுங்கள். முதல் இலையில் விழுந்ததும் கை வைக்காதீர்கள், கடைசி இலைக்கும் போட்டு முடித்துப் பூசாரி சொன்ன பிறகுதான் தொட வேண்டும். போதும் என்றால் கரண்டி வருவதற்கு முன்பே கையைக் காட்டுங்கள், போட்டபின் மிச்சம் வைப்பது தப்பு. கீழே விழுந்த பருக்கையைப் பொறுக்கி மரத்தடியில் போடுங்கள், காலில் மிதிபடக் கூடாது.

குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் கேட்டாள்: "தம்பி, வூட்டுல காச்சலா கெடக்கிறவங்களுக்கு எடுத்துக்கிட்டுப் போவலாமா?"

"தாராளமா எடுத்துக்கிட்டுப் போகலாங்க்கா. பிரசாதமே பங்கு போட்டுக்கத்தான். ஆனா நீங்க கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒதுக்கி வச்சிரணும். தொட்டுட்டா அது எச்சில். எச்சிலைப் பிரசாதம்னு இன்னொருத்தருக்குக் குடுக்கக் கூடாது."

கடைசியாக அந்தக் கோடு போட்ட வரி. பக்கத்து இலைக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எழுந்தால் அவரை அவமதித்தது போல. பந்தி முழுக்க முடிந்ததும் எல்லோரும் ஒன்றாக இலையைத் தங்கள் பக்கம் மடித்துவிட்டு எழ வேண்டும். "யாரா இருந்தாலும், என்ன அவசரமா இருந்தாலும்" என்று அழுத்திச் சொன்னேன். எங்கள் கிராணி ஐயா சொன்னதைவிட அழுத்தமாகச் சொன்னேன். என் வார்த்தையை நம்பி அந்த ஜனங்கள் வந்தார்கள். மனிதர்களைப் பந்தியில் கட்டிப்போட இதைவிட நல்ல கயிறு உண்டா?

திருவிழா அன்று வெயில் சுள்ளென்று இருந்தது. காலையிலேயே ஒரு லாரி அரிசி மூட்டையை இறக்கிவிட்டு மேல் ரோட்டில் மரத்தடிக்குப் போய் நின்றது. கம்பம் என்கிற பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரர்களிடம் மரவள்ளி கொடுத்து வெல்லம் மாற்றி வந்திருந்தோம். அரிசி வேகும் வாசனை லயம் வரைக்கும் போயிற்று. குழந்தைகள் அடுப்பைச் சுற்றியே நின்றன. பூசாரி திட்டினார், நகரவில்லை.

முதல் பந்திக்கு நான் குழந்தைகளையும் வயதானவர்களையும் வெளியூர்ப் பெண்களையும் உட்கார வைக்கப் போனேன். அதுதான் வழக்கம். கிராணி என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"முதல்ல எளவட்டப் பயலுகள உக்கார வை. நம்ம ஆளு, வந்த ஆளு எல்லாத்தையும்."

"ஐயா, புள்ளைங்கதான் முதல்ல..."

"அவனுங்க சாப்பிட்டா தெம்பா நின்னு மத்தவங்களுக்குப் பரிமாறுவானுங்கள்ல? பொம்பளைங்க அந்தப் பக்கம் தண்ணித் தொட்டிக்கிட்ட இருக்கட்டும். சொல்றதச் செய் தம்பி."

இது வழக்கத்துக்கு மாறு. எனக்குத் தெரியும். ஊர் முழுக்கச் சட்டம் சொல்லிவிட்டு வந்தவன், முதல் சட்டத்தை அவர் உடைத்தபோது வாயை மூடிக்கொண்டேன். காரணம் நியாயமாகத்தானே இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பந்தல் அத்தாப்புக் கீற்றுப் போட்டது. அதைச் சுற்றி, மரவள்ளியைப் பன்றி தோண்டாமலிருக்க முள்கம்பி இழுத்திருந்தோம். உள்ளே வர ரோட்டுப் பக்கம் ஒரே வழி. பின்னால் பூசாரி பூப்பறிக்கப் போகிற சின்னச் சந்து ஒன்று. நாற்பத்திரண்டு இலை போட்டோம். நாற்பத்திரண்டு ஆண்பிள்ளைகள், எல்லோரும் பதினெட்டிலிருந்து நாற்பதுக்குள். என் அண்ணன் பந்தலின் நடுவில் உட்கார்ந்திருந்தார். கல்யாணமாகி மூன்று வருஷம், கைக்குழந்தை ஒன்று. என்னைப் பார்த்து, பிறர் அறியாமல் கண்ணைச் சிமிட்டினார். தம்பி நடத்துகிற பந்தியல்லவா.

பொங்கல் வாளியை நான்தான் எடுத்தேன். இலையில் கரண்டி படாமல், மேலேயிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டு வந்தேன். முதல் மரியாதையாகக் கிராணிக்கு ஒரு சின்னத் தட்டில் எடுத்துக்கொண்டு போனேன். பந்தலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

"எனக்கு வேணாம். வயிறு சரியில்ல."

"ஒரு பருக்கையாவது ஐயா..."

"வேணாங்கிறேன்ல."

என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிரசாதத்தை மறுக்கக் கூடாது என்று இரண்டு தோட்டத்தில் முழங்கிவிட்டு வந்த நான், "சரிங்க ஐயா" என்று தட்டைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

அப்போதுதான் பந்தியின் ஓரத்தில், முன்பல் ஒன்று இல்லாத ஒரு விருந்தாளி என்னைக் கூப்பிட்டார். பக்கத்துத் தோட்டத்தில் அக்காள் வீட்டுக்கு வந்திருந்தவர். கெமாஸ் ஸ்டேஷனில் ரயில் வேலை பார்த்தவர் என்று சொன்னார்கள்.

"தம்பி, அந்த மரத்தடியில லாரி நிக்குதே. யாருது?"

"அரிசி கொண்டாந்ததுண்ணே."

"ஒரு மூட்டை அரிசிக்கு ரெண்டு லாரியா?"

நான் திரும்பிப் பார்த்தேன். ஆமாம், இன்னொன்றும் வந்து நின்றிருந்தது. "மேனேஜர் வந்திருப்பாரு" என்றேன். அவர் கை படாத பொங்கலை இலையோடு சுருட்டித் துண்டில் முடிந்துகொண்டு எழுந்தார்.

எனக்கு வந்த கோபத்தை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. இன்னும் கடைசி வரிசைக்குப் போட்டு முடியவில்லை. பூசாரி சொல்லவில்லை. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருத்தன் எழுந்து போவதா?

"என்னண்ணே இது? சாமி பிரசாதம், கடையில வாங்கின சாமானா, கட்டிக்கிட்டு நடக்கிறீங்க? உங்க தோட்டத்துல வந்து படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, காதுல விழலியா? இந்த மாதிரி ஆளுங்களாலதான் போன வருசம் மானம் போச்சு!"

அவர் முகம் சிவந்து, தலையைக் குனிந்துகொண்டு, "ஆத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன் தம்பி. வழிய விடு" என்றார். பின்பக்கச் சந்து வழியாகக் குனிந்து நுழைந்து ரப்பர் மரங்களுக்குள் போய்விட்டார். சட்டப்படி பார்த்தால் அவர் செய்ததில் பாதி சரிதான், கை வைக்குமுன் ஒதுக்கி எடுத்துக்கொண்டார். அதைக்கூட நான் பார்க்கவில்லை. மறுத்தவர் கிராணி என்பதால் அவருக்கு "சரிங்க ஐயா". எடுத்துக்கொண்டவர் ஏழை என்பதால் அவருக்கு ஏச்சு. படித்த லட்சணம் இது.

பூசாரி தலையசைத்தார். எல்லோரும் சாப்பிட ஆரம்பித்தார்கள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு நெல்லுச் சோறு. வாய் அசைகிற சத்தம் மட்டும். அப்போது லாரி கிளம்புகிற சத்தம் கேட்டது. போகிற சத்தமல்ல, எங்களை நோக்கி வருகிற சத்தம். என் அண்ணன் தலையைத் தூக்கினார். கையில் பாதி உருண்டை. ரோட்டைப் பார்த்தார், சந்தைப் பார்த்தார். பாதி எழுந்துவிட்டார். ஒரு முழங்கால் தரையில், ஒரு பாதம் ஊன்றியிருந்தது.

நான் வாளியோடு அவருக்கு நேரே நின்றேன்.

"உக்காருண்ணே. பந்தி முடியல."

என் முகத்தைப் பார்த்தார். ஒருத்தன் எழுந்து போய்விட்டான், அடுத்தது சொந்த அண்ணனே எழுந்தால் தம்பி என்ன ஆவான் என்று நினைத்திருக்க வேண்டும். உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததைப் பார்த்து, எழப்போன இன்னும் இரண்டு மூன்று பேரும் உட்கார்ந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பொங்கல் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. ஒரு லாரி வழியை அடைத்து நின்றது. இன்னொன்றிலிருந்து துப்பாக்கிக்காரர்கள் குதித்துச் சந்துப் பக்கமும் வந்துவிட்டார்கள். பூட்ஸ் காலோடு பந்தலுக்குள் வந்தார்கள். இலைகளை மிதித்துக்கொண்டுதான் நடந்தார்கள். சியாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே பேச்சு இருந்தது. போனவன் எவனும் திரும்பவில்லை என்ற பேச்சும் இருந்தது. ஊர் ஊராகத் தேடினால் காட்டுக்குள் ஓடிவிடுகிறார்கள் என்று, ஒரே இடத்தில் உட்கார வைக்க வழி தேடியிருக்கிறார்கள். வழியை எழுதிக் கொடுத்தவன் நான்.

துப்பாக்கி முனையால் முதுகில் குத்திக் குத்தி எழுப்பினார்கள். ஒருவனும் கை கழுவவில்லை. பலர் எழும்போது கைப்பழக்கத்தில் இலையை மடிக்கப் போனார்கள். அதற்கும் விடவில்லை. என்னையும் ஒருவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். அப்போது கிராணி ஓடிவந்து என்னைக் காட்டி, காற்றில் எழுதுவது போலக் கையை ஆட்டிக் காட்டினார். இவன் எழுதத் தெரிந்தவன், எனக்கு வேண்டும் என்று அர்த்தம். அந்தச் சிப்பாய் என்னை ஒதுக்கித் தள்ளிவிட்டான். வாளியோடு விழுந்தேன். கிராணியின் இன்னொரு கையில் ஒரு பட்டியல் இருந்தது. நாங்கள் இலை போட்ட எண்ணிக்கைக்கு அது சரியாக இருந்ததா என்று நான் பார்க்கவில்லை.

இதுவரை கிராணியை "அவர்" என்று எழுதிவிட்டேன். இனி எழுத வராது.

லாரியில் ஏறும்போது அண்ணன் திரும்பிப் பார்த்தார். கூட்டத்தில் அண்ணியைத் தேடியிருப்பார். நான் "அண்ணே" என்று கத்தினேன். "அம்மாவப் பாத்துக்கடா" என்றார். திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்.

பந்தலில் நாற்பத்தொரு இலைகள் கிடந்தன, பாதி தின்றபடி. பெண்கள் மண்ணில் புரண்டு அழுதார்கள். குழந்தைகளும் அழுதன. அவை பசியில் அழுதன, இரண்டாம் பந்தி அவற்றுக்கு என்று சொல்லியிருந்தோமே. பூசாரி பானையைத் திறந்து, "புள்ளைங்களுக்குக் குடுங்கம்மா. இது ஆத்தா சோறு. இதுமேல கோவப்படக் கூடாது" என்றார். அழுதுகொண்டே தாய்மார்கள் ஊட்டினார்கள். அதை நான் பார்த்தேன். கண்ணை மூடினால் இன்றும் பார்க்கிறேன்.

ஒரு மூலையிலிருந்து இலைகளை எடுக்க ஆரம்பித்தோம். அண்ணன் இலைக்கு வந்து, மடிக்கக் குனிந்தேன். அண்ணி என் கையைத் தட்டிவிட்டாள்.

"மடிக்காத. அவரு இன்னும் சாப்ட்டு முடிக்கல."

கைக்குழந்தையோடு அந்த இலை பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒருவரையும் தொட விடவில்லை. சாயங்காலம் மழை வந்து, கீற்றில் ஒழுகி, இலையிலிருந்த பருக்கைகளை மண்ணோடு கொண்டுபோயிற்று. அப்போதும் எழவில்லை.

நாற்பத்தொரு பேரில் சண்டை முடிந்து திரும்பியவர்கள் ஆறு பேர். என் அண்ணன் அதில் இல்லை. சியாமில் எந்த இடம், காலராவா, அடியா, பசியா, யாருக்கும் தெரியவில்லை. ஆறு பேரில் ஒருவன் சொன்னான், முகாமில் கொஞ்சம் சோறு கிடைத்தால் அண்ணன் கை வைக்குமுன் பாதியை ஒதுக்கிப் பக்கத்தில் காய்ச்சலாகக் கிடந்தவனுக்குக் கொடுப்பாராம். "தொட்டுட்டா எச்சில்ரா, எந்தம்பி சொல்லியிருக்கான்" என்பாராம். ஆறுதலுக்காகத்தான் சொன்னான். எனக்கு அவனை அடிக்க வேண்டும் போல இருந்தது.

ஜப்பான்காரன் போன மறு வருஷம் அந்த முன்பல் இல்லாத மனிதர் எங்கள் கோயிலுக்கு வந்தார். அவர் காலில் விழப் போனேன். தடுத்துவிட்டார்.

"எனக்கும் தெரியாது தம்பி. கெமாஸ்ல ஆளுங்கள ஆடு மாடு மாதிரி ஏத்துறதைப் பாத்திருக்கேன், அதான் ரெண்டு லாரியப் பாத்ததும் எந்திரிச்சுட்டேன். நீ கத்துனப்ப நான் திருப்பிக் கத்தியிருக்கணும். எல்லாரும் எந்திரிங்கடான்னு. கோயில்ல, பந்தியில, சத்தம் போடக் கூடாதேன்னு வாய மூடிக்கிட்டுப் போயிட்டேன்."

அவரும் ஒரு சட்டத்துக்குக் கட்டுப்பட்டிருக்கிறார். இதைக் கேட்டபிறகு எனக்கு எவன் மேல் கோபப்படுவது என்றே தெரியாமல் போயிற்று. ஆனால் அந்தக் குழப்பம் அதிக நேரம் நிற்கவில்லை. அதே திருவிழாவுக்குக் கிராணியும் வந்தான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. தீர்த்தம் வாங்கிக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போல வரிசையில் நின்றான். வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் பழைய வேலையிலேயே உட்கார்ந்துவிட்டவன். யாரோ கேட்டதற்கு, "எண்ணிக்கை குடுக்கலேன்னா என்னையே ஏத்திக்கிட்டுப் போயிருப்பான்லா" என்றானாம். இருக்கலாம். அதற்காக ஆத்தாள் கோயிலையா கூண்டாக்குவது? அத்தனை பேருக்கு முன்னால் ஒரு தடவை இருமியிருந்தால், "ஓடுங்கடா" என்று ஒருத்தன் காதில் முணுமுணுத்திருந்தால்கூடப் பாதிப்பேர் பிழைத்திருப்பார்கள்.

பிரசாத வாளி என் கையில் இருந்தது. வரிசை நகர்ந்தது. அவன் என் முன்னால் வந்து வலது கையின் கீழ் இடது கையைக் கொடுத்து, நான் எழுதிய முறைப்படியே ஏந்தினான். நான் அந்த வாளியை அவன் தலையில் கவிழ்ப்பேன் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். சத்தியமாக, கவிழ்க்கத்தான் கை துடித்தது. அண்ணி தண்ணீர்த் தொட்டியருகே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இல்லை என்று யாரையும் திருப்பக் கூடாது. கொடுப்பது நானில்லை. எல்லோருக்கும் போட்ட அளவே அவனுக்கும் போட்டேன், ஒரு பருக்கை குறைக்கவில்லை. போட்டுவிட்டுச் சொன்னேன்:

"வீட்டுக்குக் கொண்டுபோக வேணாம். இங்கயே, இவங்க முன்னால சாப்பிடுங்க."

வாய்க்குக் கொண்டுபோனான், மென்றான், விழுங்க முடியவில்லை. அத்தனை பெண்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அரை நாழிகை ஆகியிருக்கும், கடைசிப் பருக்கைவரை தின்று முடித்தான். கையைக் கழுவாமல் வேட்டியில் துடைத்துக்கொண்டு போனான். அடுத்த மாதமே வேறு ஊருக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டதாகச் சொன்னார்கள். எனக்கு அதில் எந்தத் திருப்தியும் கிடைக்கவில்லை. அண்ணி அன்றும் பிரசாதம் வாங்கிக்கொள்ளவில்லை. குழந்தைக்கு மட்டும் வாங்கி ஊட்டினாள்.

இன்றும் திருவிழாவுக்கு வெளியூர் விருந்தாளிகள் வந்தால் நான்தான் முறைகளைச் சொல்கிறேன். கையை எப்படி ஏந்துவது, தீர்த்தம் எப்படிக் குடிப்பது, வராதவர்களுக்கு எப்படி ஒதுக்குவது, எல்லாம் அப்படியே. குழந்தைகளும் வயதானவர்களும்தான் முதல் பந்தி. எவ்வளவு பெரிய மனிதர் சொன்னாலும் அதை மாற்ற விடுவதில்லை. பந்தியின் நடுவில் ஒருவர் எழுந்தால் ஏன் என்று மரியாதையாகக் கேட்கிறேன், வழி விடுகிறேன். பந்தலுக்கு நாலு பக்கமும் வாசல் வைக்கச் சொல்கிறேன், செலவு என்று முனகுகிறவர்களோடு சண்டை போடுகிறேன். ஒழுங்கு கற்றுக்கொடுக்கிற எவனும், அந்த ஒழுங்கை நம்பி உட்காருகிறவர்களின் உயிருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்பதை, நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. என் அண்ணனை உட்கார வைத்துத்தான் படித்தேன்.